பேலாக வாங்கிய சேலை: கழிவு போக ஒன்று என்ன விலை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் மொத்தக் கடையில் பேல் எடுத்து, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று ஊருக்குக் கொண்டுபோய் வீட்டில் வைத்தே விற்கிற அக்கா தங்கச்சிகள் என்னிடம் கேட்கிற சந்தேகங்கள் இவை. எங்கள் வீட்டிலும் இதே வியாபாரம்தான், கணக்கு என் பொறுப்பு. திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருவதால் ஒரே பேலை வைத்து எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன். பேலில் 120 சேலை, சூரத்திலிருந்து வந்த பூப்போட்ட சிந்தெடிக் ரகம், மொத்தமாக ரூ. 36,000. முதல் பதிலை விடாமல் படியுங்கள், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

அக்கா, பேல் மொத்தமா ஒரு விலைக்கு எடுத்துட்டேன். ஒரு சேலைக்கு விலை எப்படிப் போடணும்?

நான்கு எண் தெரிந்தால் போதும். பேலுக்குக் கொடுத்த பணம், அதை வீடு கொண்டுவந்து சேர்க்க ஆன செலவு, பிரித்துப் பார்த்த பிறகு நல்ல சேலையாக மிஞ்சியது எத்தனை, உங்களுக்கு எவ்வளவு லாபம் வேண்டும். முதல் இரண்டையும் கூட்டி, அதோடு லாபத்தையும் சேர்த்து, வருகிற தொகையை நல்ல சேலைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், பேலில் இருந்த மொத்த எண்ணிக்கையால் இல்லை.

நம்ம பேலில் ரூ. 36,000, கொண்டுவந்த செலவு ரூ. 2,400, ஆக அடக்கம் ரூ. 38,400. நூற்றுக்கு 20 லாபம் வேண்டும் என்றால் ரூ. 7,680. மொத்தம் கைக்கு வர வேண்டியது ரூ. 46,080. 120-ல் 20 சேலை கழிந்துபோய் 100 தேறியது என்று வைத்துக்கொண்டால் ஒன்று ரூ. 460.80, அதாவது 461. கழிந்ததிலிருந்து கொஞ்சம் பணம் திரும்பி வரும், அதைச் சேர்த்தால் இந்த விலை இன்னும் இறங்கும், அதைக் கீழே சொல்கிறேன்.

நான் 38,400-ஐ 120-ஆல வகுத்து 320-னு வச்சு, அதுல 20% ஏத்தி 384-க்கு வித்தேன். எல்லாம் வித்தும் கையில காசே நிக்கலையே?

நின்றிருக்காது. 384-க்கு 100 சேலை விற்றால் வருவது சரியாக ரூ. 38,400, நீங்கள் போட்ட அசல். ஒரு ரூபாய்கூட லாபம் இல்லை. அந்த 20 சேலைக்கும் சேர்த்து நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் அதை யாரும் வாங்கவில்லை, அதனால் அவற்றின் அடக்கத்தை மற்ற 100 சேலைகள்தான் சுமக்க வேண்டும். ஒரு நல்ல சேலையின் உண்மையான அடக்கம் 320 இல்லை, 384. நீங்கள் லாபம் என்று நினைத்து ஏற்றியது முழுக்கக் கழிவுக்குப் போய்விட்டது.

இதில் மோசம் என்னவென்றால் விற்கும்போது தெரியவே தெரியாது. ஒவ்வொரு சேலையிலும் 64 ரூபாய் நிற்பது போலத்தான் மனசுக்குப் படும், மூட்டை காலியான பிறகு அடுத்த பேலுக்குப் பணம் எண்ணும்போதுதான் விஷயம் வெளிவரும். அதனால் பேல் பிரித்துத் தரம் பார்க்கிற வரைக்கும் யாருக்கும் விலை சொல்லாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரங்களாக இருந்தாலும்.

கொண்டுவந்த செலவுன்னா லாரி வாடகை மட்டும்தானா?

இல்லை. நம்ம பேலுக்கு லாரி வாடகை 1,300, லாரி ஆபீசில் இறக்குக் கூலி 150, அங்கிருந்து வீட்டுக்கு ஆட்டோ 350, சேலைக்கு ஒரு பாலித்தீன் கவர் ஐந்து ரூபாய் வீதம் 600, மொத்தம் 2,400. கவரைப் பலர் கணக்கில் எழுதுவதே இல்லை. சின்னச் செலவு என்று தோன்றும், ஆனால் இந்த 2,400-ஐ விட்டுவிட்டால் நல்ல சேலை ஒன்றுக்கு 24 ரூபாய் காணாமல் போகும்.

கடன் வாங்கி எடுத்த பேல் என்றால் வட்டியும் அடக்கம்தான். ரெண்டு வட்டிக்கு வாங்கினால் 38,400-க்கு மாதம் 768. மூட்டை விற்று முடிய மூன்று மாதம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும் என்றால் 2,304 ரூபாயை முதலிலேயே சேர்த்துவிடுங்கள், சேலைக்கு 23 ரூபாய் கூடும். கீழே வரும் கணக்குகளில் சொந்தப் பணம் என்றே வைத்திருக்கிறேன்.

கழிவுன்னு எதை வச்சு முடிவு பண்றது? கொஞ்சம் அழுக்கா இருந்தாலும் கழிவா?

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும், இரண்டு பேர் வேண்டும். சேலையை மடிப்போடு பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜன்னல் பக்கம் நின்று ஒருவர் முந்தியைப் பிடிக்க, இன்னொருவர் மறுமுனையைப் பிடித்து முழுசாக விரித்து வெளிச்சத்துக்கு நேராகக் காட்டினால் ஓட்டை, இழை விட்டது, எண்ணெய்க் கறை எல்லாம் தெரியும். பிறகு நீளம். சேலை மட்டும் ஐந்தரை மீட்டர் வேண்டும், ஜாக்கெட் பிட்டோடு சொல்லி விற்றிருந்தால் அதற்கு மேல் முக்கால் மீட்டர் போல இருக்க வேண்டும். மொத்தமாகத் தள்ளிவிடும் பேலில் ஐந்து மீட்டர் துண்டு இரண்டு மூன்று கலந்திருக்கலாம், அதைக் கட்டிப் பார்க்கிறவர்தான் கண்டுபிடிப்பார், அடுத்த நாளே உங்களிடம் திரும்பி வரும். கடைசியாகச் சாயம். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, அடர்ந்த நிறத்தின் மேல் அழுத்தித் தேய்த்தால் போதும், துணியில் நிறம் ஒட்டினால் தனியே வையுங்கள்.

நான் மூன்று குவியலாகப் போடுவேன். ஒன்று, குறையே சொல்ல முடியாதது. இரண்டு, செகண்ட்ஸ்: கட்டினால் மடிப்புக்குள் மறைந்துவிடும் சின்னக் கறை, லேசான அச்சு விலகல், ஜாக்கெட் பிட் இல்லாதது. மூன்று, சேலையாக விற்கவே முடியாதது: கிழிசல், நீளக் குறைவு, சாயம் ஓடுவது. கவருக்குள் வந்த தூசி கழிவில்லை, உதறி இஸ்திரி போட்டால் சரியாகிவிடும். நம்ம பேலில் முதல் குவியல் 100, இரண்டாவது 12, மூன்றாவது 8.

ஒன்றைக் கவனியுங்கள். அடுக்கில் அடுத்தடுத்து இருக்கிற நாலைந்து சேலைகளில் ஒரே இடத்தில் ஓட்டை இருந்தால் அது நெய்தவர் குறையில்லை, மூட்டை தூக்கும்போது கொக்கி இறங்கியிருக்கிறது. அதே மாதிரி பேலின் ஒரு பக்கத்துச் சேலைகள் மட்டும் ஓரத்தில் பழுப்பாக இருந்தால் வழியில் மழைத் தண்ணி. இந்த இரண்டையும் லாரி ஆபீசிலேயே பார்த்துவிட வேண்டும். வெளிச் சாக்கில் கிழிசலோ ஈரமோ தெரிந்தால் அவர்கள் எதிரிலேயே பிரித்து, சேதம் என்று எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஒழுங்காக வந்தது என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் நஷ்ட ஈடு வாங்குவது ரொம்பக் கஷ்டம்.

செகண்ட்ஸ்ல வர்ற காசை லாபத்துல சேர்க்கணுமா, அடக்கத்துல கழிக்கணுமா?

கைக்கு வர வேண்டிய மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். 12 செகண்ட்ஸை ரூ. 180 வீதம் விற்றால் 2,160 வரும். 46,080-ல் இதைக் கழித்தால் 43,920. இதை 100 நல்ல சேலைகள் கொண்டுவந்தால் போதும், ஆக ஒன்று ரூ. 439.20, சொல்ல வசதியாக 440. முதல் பதிலில் வந்த 461 இப்போது 440 ஆகிவிட்டது பாருங்கள், அந்த 21 ரூபாய் சந்தையில் உங்களுக்குப் பெரிய வசதி. இனிமேல் நம்ம விலை 440 என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் செகண்ட்ஸ் விலையை ஆசைக்குப் போடாதீர்கள். போன முறை அந்த மாதிரிச் சேலை என்ன விலைக்குப் போனதோ அதைப் போடுங்கள். குறையைக் காட்டிச் சொல்லித்தான் விற்க வேண்டும், மறைத்து விற்ற ஒரு சேலை தெரு முழுக்கப் பேச்சாகிவிடும். மூன்றாவது குவியலில் இருக்கும் 8-ஐத் தையல்காரர் தலையணை உறைக்கோ, சின்னப் பிள்ளைகள் பாவாடைக்கோ எடுத்துக்கொள்வார். அதற்கு 40 வீதம் 320 கிடைத்தாலும் நான் கணக்கில் பூஜ்யம் என்றே போடுவேன், வந்தால் வரட்டும்.

எப்பவும் ஆறுல ஒரு பங்கு கழியும்னு தெரியும். அப்ப விலையிலயும் ஆறுல ஒரு பங்கு ஏத்துனா போதாதா?

போதாது. 120-ல் 20 என்பது ஆறில் ஒரு பங்கு, ஆனால் அந்த 20-ஐச் சுமப்பது 100 சேலை, அதனால் ஏற்ற வேண்டியது ஐந்தில் ஒரு பங்கு. 320-ல் ஆறில் ஒரு பங்கு ஏற்றினால் 373 வரும், உண்மையில் வேண்டியது 384. சந்தேகம் இருந்தால் பாதிப் பேல் கழிந்துவிட்டது என்று நினைத்துப் பாருங்கள், விலையைப் பாதி மட்டும் ஏற்றினால் அசல் வராது, இரண்டு மடங்காக்க வேண்டும்.

சதவீதத்தை வைத்தே போட வேண்டும் என்றால் ஏற்றாமல் வகுத்துவிடுங்கள். நூற்றுக்கு 10 கழியும் என்றால் அடக்கத்தை 0.90-ஆல், நூற்றுக்கு 15 என்றால் 0.85-ஆல்.

20 சதவீதம் லாபம்னு எங்க வீட்டுக்காரர் சொல்றதும் நீங்க சொல்றதும் ஒத்து வரலையே?

நான் போட்ட நூற்றுக்கு இருபது, அவர் விற்கிற நூற்றுக்கு இருபது என்று பார்க்கிறார். முதல் போட்டதற்கு 20% என்றால் 7,680. விற்பனையில் 20% என்றால் 38,400-ஐ 0.80-ஆல் வகுக்க வேண்டும், மொத்த விற்பனை 48,000, அதில் லாபம் 9,600. செகண்ட்ஸ் பணம் 2,160-ஐக் கழித்துப் போட்டால் நல்ல சேலை ஒன்று 458.40 வரும், நம்ம 440 இல்லை.

இரண்டும் தப்பில்லை. வட்டிக்கடைக்காரரும் மொத்த வியாபாரியும் பெரும்பாலும் முதலுக்குத்தான் சொல்வார்கள், பெரிய ஜவுளிக்கடைகளில் வேலை பார்த்தவர்கள் விற்பனைக்குச் சொல்வார்கள். வீட்டில் இரண்டு பேரும் ஒரே முறைக்கு வந்துவிடுங்கள், இல்லையென்றால் ஒருவர் 440 சொல்லி, இன்னொருவர் 458 சொல்லி, வாங்க வந்தவர் குழம்பிப் போவார்.

எல்லாச் சேலையும் ஒரே விலைக்கு விக்கணுமா? சிலது பட்டு மாதிரி மின்னுது, சிலது சாதாரணமா இருக்கு.

ஒரே விலை வைத்தால் நல்ல டிசைன் முதல் வாரத்திலேயே போய்விடும், மந்தமான நிறமெல்லாம் அப்படியே கிடக்கும். 440 என்பது சராசரி மட்டும்தான். என் பழக்கம் என்னவென்றால் பிரித்த அன்றே தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டி, கை முதலில் எதன் மேல் போகிறது என்று பார்த்துப் பிரிப்பேன். 30 சேலை 500-க்கு, 50 சேலை 440-க்கு, 20 சேலை 350-க்கு என்று வைத்தால் மொத்தம் 44,000 வரும். நமக்கு வேண்டியது 43,920, ஆக சரி.

ஆனால் 500-க்கு வைக்கிற குவியலை 30-லிருந்து 25-ஆகக் குறைத்து, அந்த ஐந்தை 350-க்குத் தள்ளினால் 750 ரூபாய் குறையும். விலை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். ஆடித் தள்ளுபடி வரைக்கும் சில சேலை நிற்கும் என்று தெரிந்தால், அதைக் குறைந்த விலைக் குவியலிலேயே முதலில் எண்ணிவிடுவது நல்லது.

பேரம் பேசாம யாரும் வாங்க மாட்டேங்குறாங்க. 10% குறைப்பேன், அதனால 440-ல 10% ஏத்திச் சொல்லலாமா?

ஏற்றினால் 484 வரும். அதில் 10% குறைத்தால் 435.60-க்கு இறங்கிவிடும், சேலைக்கு 4.40 போச்சு, 100 சேலைக்கு 440, அதாவது ஒரு சேலையே போச்சு. ஆறில் ஒரு பங்குக் கேள்வியில் சொன்ன அதே காரணம்தான். 440-ஐ 0.90-ஆல் வகுத்தால் 489, அதை 490 என்று சொல்லுங்கள்.

நம்ம பக்கம் சதவீதமாக யாரும் பேரம் பேசுவதில்லை, "நானூத்தம்பது வச்சுக்கோ" என்றுதான் கேட்பார்கள். 490 சொன்னால் 450-ல் ஒரு பேச்சு, 440-ல் முடிவு. 440-க்குக் கீழே போவது என்றால் அது 500 குவியலிலிருந்து வந்த கூடுதலைச் சாப்பிடுகிறது என்று மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஜிஎஸ்டி இதுல எங்க வருது?

உங்களுக்கு ஜிஎஸ்டி எண் இல்லை என்றால் பில்லில் நீங்கள் கட்டிய வரி உங்கள் அடக்கம், பிரித்துப் பார்க்க வேண்டாம். நம்ம 36,000 அப்படி வரியோடு சேர்ந்த தொகைதான். சேலைக்குச் சாதாரணமாக 5%, அந்தத் தொகைக்குள் ஏறக்குறைய 1,714 ரூபாய் வரி இருக்கிறது.

எண் வாங்கி முறையாக வரி கட்டுபவர் என்றால் அந்த 1,714-ஐ வரவு எடுத்துக்கொள்ளலாம், அதனால் அடக்கத்திலிருந்து கழிக்க வேண்டும். ஆனால் விற்கும்போது வாங்குகிறவரிடமிருந்து நீங்கள் வரி வாங்கிக் கட்ட வேண்டும். வரியோடு சேர்த்து 440 என்று விற்றால் உங்களுக்கு நிற்பது 440-ஐ 1.05-ஆல் வகுத்து வரும் 419 மட்டும். இதை மறந்து 440-ம் நம்முடையது என்று எண்ணுகிறவர்கள் நிறைய. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு வரவு கிடையாது, அடக்கத்தில் வரி அப்படியே நிற்கும்.

பாதி வித்த பிறகு இன்னும் நாலு சேலை சாயம் போகுதுன்னு திரும்பி வந்துச்சு. இப்ப என்ன செய்றது?

முதல் கணக்கைத் தூக்கிப் போடாமல் மிச்சத்துக்கு மட்டும் போடுங்கள். 30 சேலை 440-க்கு விற்று 13,200 கைக்கு வந்துவிட்டது, அந்தப் பணம் நிற்கிறது என்று வைப்போம். இன்னும் வர வேண்டியது 43,920-ல் 13,200 போக 30,720. மிச்சம் 70 சேலையில் சோதித்தபோது 4 சாயம் ஓடுகிறது, 66-தான் தேறும். 30,720-ஐ 66-ஆல் வகுத்தால் 465.45, ஆக 466. விற்றுவிட்ட சேலையே திரும்பி வந்து காசு கொடுத்தால், அந்தக் காசை 13,200-லிருந்து குறைத்துவிட்டு இதே மாதிரி வகுக்க வேண்டும்.

440-க்கு வாங்கினவர் பக்கத்தில் இருக்கும்போது 466 சொல்ல முடியவில்லை என்றால் பரவாயில்லை, விலையை அப்படியே விடுங்கள். 66 சேலைக்கு 440 வீதம் வந்தால் 29,040, லாபத்தில் 1,680 குறைகிறது. அது தெரிந்து நீங்கள் எடுத்த முடிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மொத்த விலையே இன்னும் பேசலை. எங்க ஊர்ல 400-க்கு மேல போகாது. எவ்வளவு வரைக்கும் கேட்கலாம்?

இதுதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். 100 நல்ல சேலை 400 வீதம் 40,000, செகண்ட்ஸ் 2,160, ஆக வருமானம் 42,160. முதலுக்கு 20% லாபம் வேண்டும் என்றால் அதை 1.20-ஆல் வகுங்கள், 35,133. அதில் கொண்டுவரும் செலவு 2,400 போனால் 32,733. கடைக்காரர் 36,000 சொன்னால் நீங்கள் 32,700-க்கு மேல் போகக் கூடாது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம், பேல் எடுக்காத நாளில் நஷ்டம் இல்லை.

தேறும் எண்ணிக்கை 100-ஆ 90-ஆ என்பது உங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொரு சேலை கூடுதலாகக் கழிந்தாலும் 400 வருமானம் போகும், 1.20-ஆல் வகுத்தால் நீங்கள் கேட்கக்கூடிய விலை 333 குறைகிறது. 90-தான் தேறும் என்று பட்டால் 29,400-ஓடு நிறுத்துங்கள். அதனால் பேரம் தொடங்கும் முன்னே பட்டையை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். மேலே அடுக்கியதை மட்டும் பார்க்காமல் நடுவிலிருந்து ஐந்து, அடியிலிருந்து ஐந்து நீங்களே உருவி விரித்துப் பாருங்கள். அந்தப் பத்தில் இரண்டு குறை என்றால் 120-ல் இருபத்துநாலு கழியும் என்று உத்தேசம் வைக்கலாம், நாலு என்றால் அந்தப் பேலை நான் எடுக்க மாட்டேன். பிரித்துக் காட்ட மறுத்தால் 80 சேலைதான் தேறும் என்று வைத்துக்கொண்டு விலை கேட்பேன், இதே கணக்கில் அது 26,000 சுமாருக்கு வரும்.